காகிதத்தில் ஏறிய ரத்தம்

நான் கிராம சுகாதார செவிலியர். கொள்ளிடம் பாலம் தாண்டி முசிறி சாலையில் இருக்கும் ஒரு துணை சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில். கணவர் துவாக்குடியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறார். முதல் பெண் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது நான் செய்த ஒரு காரியத்தை எழுதப்போகிறேன். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர்களில் என்னை நர்சம்மா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும். கர்ப்பிணிகளைத் திட்டுவதில் நான் பேர் வாங்கியவள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது, காலி அட்டையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். மாத்திரையை ஒவ்வொன்றாகப் பிதுக்கி வாய்க்காலில் போட்டுவிட்டு அட்டையைப் பத்திரமாக மடித்துக் கொண்டுவருவார்கள். ஒருத்தி வீட்டு வாழைக்கன்றின் அடியில் பதினாறு மாத்திரைகளை நானே பொறுக்கியிருக்கிறேன். கன்றாவது நன்றாக வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்களிடம் சொல்வதெல்லாம் எனக்கு மனப்பாடம். மூன்று மாதம் முடிந்ததும் தினம் ஒரு மாத்திரை. பரிசோதனையில் ரத்தம் பதினொரு பாயிண்டுக்குக் கீழே இருந்தால் இரண்டு. காபி, டீ, பால் எதோடும் போடக்கூடாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளியிருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை இதோடு சேர்த்து விழுங்கவே கூடாது, ஒன்று இன்னொன்றை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சம்பழச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இருந்தால் நல்லது. வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாவிட்டால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம். அதுவும் முடியாவிட்டால் படுக்கப்போகும்போது. குமட்டும், வயிறு எரியும், மலச்சிக்கல் வரும், சிலருக்கு வயிற்றுப்போக்கு. மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம், பயப்படாதே. பிள்ளை கறுப்பாகப் பிறக்காது. குழந்தை பிறந்த பிறகும் ஆறு மாதம் போட வேண்டும். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்வேன்.

என் வயிற்றில் பிள்ளை வந்தபோது முதல் பரிசோதனையில் எனக்குப் பத்து புள்ளி இரண்டு. ஸ்ரீரங்கத்தில் என்னைப் பதிவு செய்த செவிலியர் என்னோடு பயிற்சி முடித்தவள். கர்ப்பிணி அட்டையை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். மாதாமாதம் நீயே பார்த்து எழுதிக்கொள், எனக்கு போனில் சொன்னால் கணினியில் ஏற்றிவிடுகிறேன் என்றாள். எங்கள் தொழிலில் இதைச் சலுகை என்று நினைத்துக்கொள்வோம்.

நாலாவது மாதம் மாத்திரை தொடங்கினேன். காலையில் ஆறு மணிக்குப் போட்டால் ஆறரைக்கு வாந்தி. வாயில் எப்போதும் ஒரு துருப்பிடித்த ருசி. காபியோடு விழுங்கிப் பார்த்தேன், அப்படிப் போட்டால் வீண் என்று தெரிந்தேதான் விழுங்கினேன். பிறகு இரவில் சுண்ணாம்பு மாத்திரையையும் இதையும் சேர்த்து ஒரே வாயில் போட்டுப் பார்த்தேன். அதுவும் வீண் என்று தெரியும். மலச்சிக்கலில் நாலு நாள் அவதிப்பட்ட பிறகு, ஒரு வாரம் நிறுத்திவிட்டுத் தொடங்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை.

ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு விரலில் குத்துகிற நான் என் விரலில் குத்திக்கொள்ளவில்லை. நேரம் இல்லை என்று அப்போது சொல்லியிருப்பேன். மாத்திரை போடாதவளுக்குத் தன் நம்பரைப் பார்க்கத் தைரியம் இருக்காது என்பதுதான் உண்மை. அட்டையில் மட்டும் கட்டம் காலியாக இருக்கக்கூடாதே. பத்து புள்ளி நாலு என்று எழுதினேன். அடுத்த மாதம் பத்து புள்ளி ஆறு. ஒழுங்காக மாத்திரை போடுகிற ஒருத்திக்கு எப்படி ஏறுமோ அப்படியே நிதானமாக ஏற்றினேன். முப்பத்திரண்டாவது வாரத்தில் பத்து புள்ளி ஒன்பதுக்கு வந்திருந்தேன். காகிதத்தில் எனக்கு நல்ல உடம்பு.

எனக்கு வாரம் பொருந்தி வந்த கர்ப்பிணி ஒருத்தி நான் பார்க்கும் ஊர் ஒன்றில் இருந்தாள். எனக்கு என்ன வாரமோ அவளுக்கும் அதே வாரம், இரண்டு மூன்று நாள்தான் முன்பின். வாழைத் தோட்டங்களில் இலை அறுக்கப் போகிறவள், அவளுக்கு இது மூன்றாவது பிள்ளை. இருபத்தொன்பதாவது வாரத்தில் அவளுக்குக் குத்தினபோது ஏழு புள்ளி ஆறு. அதற்கு முந்தின மாதம் ஒன்பதுக்கு மேல் இருந்தவள். மாத்திரை என்ன ஆச்சு என்று கேட்டேன். வயிறு எரிஞ்சுதுங்க, வாய்க்கால்ல போட்டுட்டேன் என்று நேராகச் சொன்னாள். மற்றவர்கள் பொய்யாவது சொல்வார்கள். நான் அவளை அத்தனை பேர் முன்னால் வைத்துக் கிழித்துவிட்டேன். உன் பிள்ளை மேல் உனக்கு அக்கறை இல்லையா என்றுகூடக் கேட்டேன். அன்று காலை ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நாலு படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியிருந்தது, அதை நினைக்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அவளுக்கு இரும்புச் சத்து டிரிப் போடச் சொன்னார். ஏழு மாதம்தான் ஆகிறது, டிரிப் போட்டால் உடம்பு ரத்தம் ஊற வைக்க நேரம் இருக்கிறது, மாத்திரை இவளுக்கு இனி எட்டிப் பிடிக்காது என்றார். குடல் புழுவுக்கான மாத்திரை நாலாவது மாதமே கொடுத்தாயிற்றா என்று என் பதிவைப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முறை. காபி டிகாஷன் நிறத்தில் மருந்து, சலைன் பாட்டிலில் கலந்து மெதுவாக இறங்கும். ஒவ்வாமை வந்தால் உடனே போட ஊசி பக்கத்திலேயே தயாராக இருக்கும். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும் என்பதால் கையை அசைக்காதே என்று நான் அவள் பக்கத்திலேயே நின்றேன். முடிந்த பிறகு அரை மணி நேரம் உட்காரவைத்து, அரிப்போ நெஞ்சு இறுக்கமோ இருக்கிறதா என்று கேட்டுத்தான் அனுப்புவோம். ஐந்து முறையும் அவள் வந்தாள். இலை அறுக்கிற வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

முப்பத்துநாலாவது வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒன்பது புள்ளி நாலு. நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். கூட்டம் குறைந்துவிட்டது. நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டேன். அது பச்சரிசி. இரண்டு மாதமாக அரிசி இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை. வாயில் போட்டு மென்றுகொண்டே பதிவேடு எழுதுவேன்.

அவள் என் வாயையே பார்த்தாள். பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ் எதுவும் தின்னத் தோன்றுகிறதா என்று ஒவ்வொரு மாதமும் நான் அவளிடம் கேட்டிருக்கிறேன். ஏன் கேட்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன், ரத்தம் குறைந்தவர்களுக்குத்தான் அந்த ஆசை வரும் என்று. அவள் எழுந்து வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கட்டைவிரலால் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். நான் அவளுக்குச் செய்வதை அப்படியே செய்தாள்.

"வெளுத்துக் கெடக்கு நர்சம்மா. உங்களுக்கு யாரு குத்திப் பாக்கறாங்க?"

நான் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவள் நகரவில்லை. ரத்தம் பார்க்கும் கருவி மேசையிலேயே இருந்தது, புது ஊசியும் ரத்தத் துளியை வைக்கிற ஸ்ட்ரிப்பும் இருந்தன. அவள் முன்னால் என் விரலில் நானே குத்திக்கொண்டேன். ரத்தம் துளியாக நிற்காமல் தண்ணீர் மாதிரி வழிந்தது. ஆறு புள்ளி நாலு என்று காட்டியது. கருவி பழுது என்று நினைத்து இன்னொரு விரலில் குத்தினேன். ஆறு புள்ளி மூன்று.

ஏழுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. கடைசி மூன்று மாதத்தில் அப்படி இருப்பவளை ஒரு நாளும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எத்தனை பேரை நான் ஆம்புலன்ஸில் ஏற்றியிருப்பேன். பிரசவத்தில் எல்லாருக்கும் கொஞ்சம் ரத்தம் போகும். பத்து பாயிண்ட் இருப்பவள் அதைத் தாங்குவாள், ஆறு இருப்பவளுக்கு அதே அளவு போனால் உயிர் போகலாம். எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. என் பெண்ணைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவார்கள் என்பதுதான் உடனே தோன்றியது.

திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கணவர் துவாக்குடியிலிருந்து நேராக அங்கே வந்தார். பிரசவ வார்டு டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். என் அட்டையைப் பார்த்தார், லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவர் முகம் மாறியது. இரண்டரை வாரத்துக்கு முன் பத்து புள்ளி ஒன்பது, இன்று ஆறு புள்ளி மூன்று. அப்படியானால் உள்ளே எங்கோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள். உடனே ஸ்கேன் எழுதினார், நஞ்சுக்கொடிக்குப் பின்னால் கசிவு இருக்கிறதா பார்க்க. சீனியருக்கு போன் செய்தார். அவசரமாகக் குழந்தையை எடுக்க வேண்டி வரலாம் என்று என் கணவரிடம் சொல்லும்போது நான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். எட்டு மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, குழந்தைக்கு நுரையீரல் முழுசாக வளர்ந்திருக்காது.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதாமல் விட முடியாது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் அப்படியே போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

டாக்டர் திரும்பி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, வயிற்றில் எங்காவது புண் இருந்து ரத்தம் போகிறதா என்பதற்காக, மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"தினம் ரெண்டு இரும்பு மாத்திரைன்னு கார்டுல இருக்கு. மாத்திரை போட்டா கறுப்பாப் போகணுமே சிஸ்டர்."

இதை நான் எத்தனை பேரிடம் கேட்டு எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். அட்டையை ஏமாற்றலாம், இதை ஏமாற்ற முடியாது என்று புது செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவமானத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"மாத்திரை போடல டாக்டர். அந்த நம்பரும் நானே எழுதினது. மொத டெஸ்டுக்கு அப்புறம் யாரும் குத்திப் பாக்கல."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் வார்டே கேட்கத் திட்டியிருப்பேன். அவர் பேனாவை எடுத்து, எழுதியிருந்த சோதனைகளில் பாதியை அடித்தார். லேப்பிலிருந்து ரத்த அணுக்களின் அளவும் வந்திருந்தது, சின்னதாகவும் வெளுத்தும் இருக்கின்றன, இது மாதக்கணக்கில் குறைந்த ரத்தம்தான், திடீரென்று போனதில்லை என்றார். ஸ்கேனும் சுத்தமாக இருந்தது. குழந்தையை எடுக்க வேண்டாம் என்று என் கணவரிடம் போய்ச் சொன்னார். ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டிருப்பார், டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கணவர் அன்று மாலை வரை வார்டுக்கு வெளியிலேயே நின்றார்.

டிரிப் போதாதா என்று டாக்டரிடம் கேட்டேன். ஆறு வாரம் முன்னால் வந்திருந்தால் போதும் என்றார். டிரிப்பில் இரும்பைக் கொடுத்தாலும் அதை வைத்து உடம்பு ரத்தம் செய்ய இரண்டு மூன்று வாரம் வேண்டும். எனக்குப் படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கியது, இதயம் நூற்றிருபது அடித்தது, வலி எந்த நாளும் வரலாம். அதனால் ரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்றார். என் வகையையும் பையில் இருப்பதையும் பொருத்திப் பார்த்து, சிவப்பணுக்கள் மட்டும் உள்ள பையை மாட்டினார்கள். சோர்ந்த இதயத்துக்கு ஒரேயடியாகச் சுமை கூடக்கூடாது என்று மிக மெதுவாக விட்டார்கள், நீர் பிரிய ஊசி போட்டார்கள். முதல் கால் மணி நேரம் ஒரு செவிலியர் நகராமல் நின்று காய்ச்சலும் நாடியும் பார்த்தாள். குளிர் வருதா, முதுகு வலிக்குதா என்று கேட்டாள். இப்படிக் கேட்பதைப் படுத்துக்கொண்டு கேட்டது எனக்கு அதுதான் முதல் முறை. மறுநாள் இன்னொரு பை. கணவரும் அவர் நண்பரும் ரத்த வங்கியில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இரண்டு பை முடிந்ததும் எட்டு புள்ளி இரண்டு. அரிசி ஆசை குறைந்தது. இனி டிரிப் தொடங்கலாம், பிரசவம் இங்கேதான், அதற்குள் பத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம் என்றார்கள். பிழைத்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

நாலாவது நாள் பார்வையாளர் நேரத்தில் வாழை இலைக்காரி வந்தாள். கையில் ஒரு பையில் கொய்யாப்பழம். பஸ் பிடித்து, அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். என் கண்ணை மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றாள். என் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். எனக்கு அவளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. டாக்டரிடம்கூடச் சொல்லாத ஒன்று அது, அவர் கேட்கவும் இல்லை.

அவளுக்கு இருபத்தைந்தாவது வாரம் நடந்தபோது எங்களுக்கு ரத்த அளவு பார்க்கிற ஸ்ட்ரிப் தீர்ந்திருந்தது. மூன்று வாரம் வரவில்லை. மற்றவர்களை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்து லேபுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டேன். அவள் ஒருத்தி, வேலை இருக்கிறது, போக முடியாது என்றாள். அவள் கட்டம் மட்டும் காலியாக நின்றது. அதற்கு முந்தின மாதம் ஒன்பது புள்ளி இரண்டு. நான் ஒன்பது புள்ளி ஆறு என்று எழுதிவிட்டேன். இதைத்தான் நான் அன்று அவளிடம் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். என்னைத் திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அவள் பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து என் கையில் வைத்தாள். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க என்னைப் பாராட்டுனீங்க நர்சம்மா. பாரு, மாத்திரை போட்டா எப்படி ஏறுதுன்னு எல்லாருக்கும் சொன்னீங்க. சர்க்கரை பாக்கக் குத்தினீங்களே, அதுலயே இதையும் பாத்துட்டீங்கன்னு நெனச்சேன். அந்த மாசம் பூரா எரிச்சல் தாங்காம பாதி நாள்தான் போட்டேன். போடாமயே ஏறுதே, அப்ப எதுக்கு இதுன்னுதான் மிச்சத்தை வாய்க்கால்ல போட்டேன்."